புட்டத்தில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் வலி

நாமக்கல்லில் லாரி ஓட்டும் 42 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பஞ்சரான டயரை மாற்ற, ஸ்டெப்னியைக் குனிந்து தூக்குகிறார். இடுப்பில் சுளுக்கென்று பிடிக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். இரண்டு நாளில் இடுப்பு வலி தணிகிறது. மூன்றாம் நாள் காலையில் வேறொரு வலி ஆரம்பிக்கிறது. வலது புட்டத்தின் நடுவிலிருந்து தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியே புறங்கால்வரை சுரீர் என்று இழுக்கிறது. தும்மினால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறது. ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை; எழுந்து நின்றால் கொஞ்சம் தேவலை. கட்டை விரல் பக்கம் மதமதவென்று மரத்திருக்கிறது.

இதைத்தான் மருத்துவர்கள் சயாட்டிகா என்கிறார்கள். ‘நரம்பு இழுக்குது’, ‘டிஸ்க் விலகிடுச்சு’, ‘ஜவ்வு நழுவிடுச்சு’ என்று ஊரில் சொல்வதும் பெரும்பாலும் இதையே. பத்துப் பேருக்கு வந்தால் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே அடங்கிவிடுகிற நோய் இது. ஆனால் ஒரு சிலருக்கு ஒரு நாள் தாமதித்தாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். இந்த இரண்டு வகையினரையும் வலியின் கடுமையை வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுபவை வேறு: காலின் பலம், தோலின் உணர்வு, சிறுநீர் போகும் விதம்.

கோளாறு முதுகில், வலி காலில்

முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் இடுப்புப் பக்கம் ஐந்து எலும்புகள் அடுக்காக இருக்கின்றன. மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பது திருவெலும்பு. அதன் எண்கள் எஸ்1 என்று தொடங்கும். ஒவ்வோர் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் ஒரு வட்டு உண்டு. அதைத்தான் டிஸ்க் என்கிறோம். வட்டின் வெளிவளையம் கெட்டியான நாரால் ஆனது. உள்ளே கொழகொழப்பான சதை. வட்டுகளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் நரம்பு வேர்கள் வெளியே வருகின்றன. எல்4 முதல் எஸ்3 வரையிலான வேர்கள் ஒன்றுசேர்ந்து சயாட்டிக் நரம்பாகின்றன. நம் உடலிலேயே பருமனான நரம்பு இதுதான். புட்டத்தின் ஆழத்தில் புறப்பட்டு, தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம்வரை போகிறது.

நம் ஓட்டுநருக்கு நடந்தது இதுதான். குனிந்து பாரம் தூக்கியபோது, ஏற்கெனவே நைந்திருந்த வெளிவளையம் ஓரிடத்தில் கிழிந்து உள்சதை பிதுங்கியது. பிதுங்கிய சதை பக்கத்தில் இருந்த நரம்பு வேரை உரசியது. வாசல் சுவிட்சை அழுத்தினால் வீட்டுக்குள்ளே மணி அடிக்கிறது அல்லவா, அதைப்போல முதுகில் வேர் நசுங்கினால் வலி காலில் தெரிகிறது. அவர் புட்டத்தில் எவ்வளவு தைலம் தேய்த்தாலும், கெண்டைக்காலை எவ்வளவு பிடித்துவிட்டாலும் கோளாறு இருக்கும் இடத்தை அது தொடவே தொடாது.

பிதுங்கிய வட்டுதான் இந்தக் கால்வலிக்குக் காரணம் என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934-இல் எடுத்துக்காட்டினார்கள். அதுமுதல், அழுத்தம் இருப்பதால் வலி இருக்கிறது, அழுத்தத்தை எடுத்தால் வலி போகும் என்று கணக்குப் போட்டார்கள். பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. வட்டின் உள்சதை நரம்பில் படும்போது அங்கே அழற்சியும் உண்டாகிறது. வேர் வீங்கி, சிறிய அசைவுக்கே கூச்சல் போடுகிறது. வெறும் அழுத்தம் பெரும்பாலும் மரத்துப்போக வைக்கும். அழற்சி சேரும்போதுதான் அந்தச் சுரீர் வலி வரும். வட்டு முழுதாகச் சுருங்குவதற்கு முன்பே பலருக்கு வலி குறைவதற்குக் காரணம், அழற்சி முதலில் தணிந்துவிடுவதுதான்.

பிதுங்கிய சதையும் நிரந்தரமாக அங்கேயே கிடப்பதில்லை. உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. ஆச்சரியம் என்னவென்றால், ஸ்கேனில் பெரிதாகத் துண்டுபட்டுக் கிடப்பது சிறிய வீக்கத்தைவிட அதிகமாகக் கரைகிறது.

எந்த வேர் என்பதை வலியே சொல்லும்

இடுப்பில் வட்டு பிதுங்குவது பெரும்பாலும் கடைசி இரண்டு இடங்களில்தான். ஒன்று, எல்4-க்கும் எல்5-க்கும் நடுவில். மற்றது, எல்5-க்கும் எஸ்1-க்கும் நடுவில். முதலாவது இடத்தில் பிதுங்கினால் வழக்கமாக எல்5 வேர் மாட்டிக்கொள்ளும். வலி கெண்டைக்காலின் வெளிப்பக்கம், புறங்கால், கட்டை விரல் என்று போகும். பாதத்தையும் கட்டை விரலையும் மேலே தூக்கும் பலம் குறையும். இரண்டாவது இடத்தில் பிதுங்கினால் எஸ்1 வேர் மாட்டும். வலி கெண்டைக்காலின் பின்புறம், உள்ளங்கால், சுண்டு விரல் பக்கம் போகும். முன்னங்காலில் எம்பி நிற்க முடியாது.

அதனால்தான் டாக்டர் ஸ்கேன் எழுதுவதற்கு முன்பே நம் ஓட்டுநரை நடக்கச் சொல்கிறார்.

“குதிகால்ல மட்டும் நடந்து காட்டுங்க.”

அவர் நடக்கிறார். இடது பாதம் நன்றாக மேலே தூக்கியிருக்கிறது. வலது பாதம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. அடுத்து முன்னங்காலில் எம்பி நடக்கச் சொல்கிறார். இரண்டும் சரியாக இருக்கின்றன. படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலை மெல்லத் தூக்குகிறார். பாதி உயரம் போவதற்குள் வலி புட்டத்திலிருந்து பாதம்வரை பாய்கிறது. வேர் மாட்டியிருக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம். இப்படித் தூக்கும்போது தொடையின் பின்பக்கம் மட்டும் இறுகினால் அது வெறும் தசை இறுக்கமாக இருக்கலாம்; முழங்காலுக்குக் கீழே வலி பாய்ந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். கடைசியாகக் கட்டை விரலைத் தன் விரலால் அழுத்திப் பிடித்து, “மேல தூக்குங்க” என்கிறார். தூக்குகிறார், ஆனால் இடதளவு பலம் இல்லை.

“ஒண்ணுக்குப் போறதுல ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதுங்களா?”

“அதெல்லாம் நல்லாத்தானுங்க போகுது.”

“கால் கழுவும்போது கை படுறது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியுதா?”

இந்தக் கேள்விக்கு மனிதர் கூசித்தான் பதில் சொல்கிறார். தெரிகிறதாம். மொத்தச் சோதனையிலும் முக்கியமான கேள்வி இதுதான். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எல்லாக் கால்வலியும் இதுவல்ல

முழங்காலுக்குக் கீழே இறங்காமல் புட்டத்திலும் தொடையிலும் மந்தமாக நிற்கும் வலி, இடுப்புத் தசைகளிலிருந்தோ மூட்டிலிருந்தோ வரலாம். அறுபது வயதைத் தாண்டியவருக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து வலித்து, உட்கார்ந்தால் அல்லது முன்பக்கம் குனிந்தால் சரியாகிறது என்றால், தண்டுவடக் குழாய் குறுகியிருக்கலாம். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, குனியாமல் சும்மா நின்றாலே சரியாகிறது என்றால், அதுவும் புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி என்றால், ரத்தக் குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால், அது நரம்பு அல்ல. ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஸ்கேன் எப்போது வேண்டும்?

நம் ஓட்டுநரின் மனைவிக்கு உடனே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வட்டை நன்றாகக் காட்டும். ஆனால் இடுப்பு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் வட்டு வீக்கம் சர்வ சாதாரணமாகத் தெரியும். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலி இல்லாத 98 பேரை அப்படிப் பார்த்தபோது, பாதிக்குமேல் ஆட்களுக்கு ஏதாவது ஒரு வட்டாவது வீங்கியிருந்தது. ஆகவே ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’ என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று முடிவு செய்ய முடியாது. வலி போகும் பாதை, பலக்குறைவு, ஸ்கேனில் தெரியும் இடம் மூன்றும் பொருந்த வேண்டும்.

முதல் ஆறு வாரத்தில் ஸ்கேன் முடிவு பெரும்பாலும் சிகிச்சையை மாற்றப்போவதில்லை. அபாய அறிகுறி இருந்தால், பலம் குறைந்துகொண்டே போனால், ஆறு வாரத்துக்கு மேலும் தாங்க முடியாத வலி நீடித்து, ஊசியோ அறுவை சிகிச்சையோ யோசிக்கும் கட்டம் வந்தால், அப்போது ஸ்கேன் அவசியம். சாதாரண எக்ஸ்ரேயில் வட்டும் தெரியாது, நரம்பும் தெரியாது.

எது வலியைத் தணிக்கும்?

முதல் வாரம்தான் மோசம். இந்த வாரத்தில் செய்ய வேண்டியது, வலி குறைகிற நிலையைக் கண்டுபிடிப்பது. பலருக்கு மல்லாந்து படுத்து, இடுப்பும் முழங்காலும் மடங்கும்படி கெண்டைக்கால்களை ஒரு நாற்காலியின்மேல் வைத்தால் சுகமாக இருக்கும். பக்கவாட்டில் படுப்பவர்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம். இன்னும் சிலருக்குக் குப்புறப் படுப்பது ஒத்துக்கொள்ளும். சிறிது நேரம் கழித்து முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்திப் பார்க்கலாம்.

இந்த நிலைகளில் எது நமக்குச் சரி என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய விதி உண்டு. வலி பாதத்திலிருந்து மேலேறி, முழங்கால், தொடை, புட்டம் என்று முதுகை நோக்கிப் போனால், அந்த நிலை நல்லது. இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை. வலி கீழே இறங்கினால், அல்லது மரப்பு அதிகமானால், அதை நிறுத்திவிட வேண்டும். குணமாகும் வரிசையும் பெரும்பாலும் இதுதான்: முதலில் பாதம் விடுபடும், கடைசியில் புட்டம்.

படுத்தே கிடப்பது உதவாது. 1999-இல் நெதர்லாந்தில் 183 சயாட்டிகா நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இரண்டு வாரம் படுக்கையில் வைத்தார்கள். மற்றவர்களை முடிந்த வேலையைச் செய்யச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்தும், பன்னிரண்டு வாரம் கழித்தும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. தாங்க முடியாத வலி இருக்கும் ஓரிரு நாள் படுக்கலாம். அதற்குப் பிறகு, வீட்டுக்குள்ளேயே ஆனாலும், ஐந்து நிமிடம் பத்து நிமிடமாக ஒரு நாளில் பல தடவை நடப்பது நல்லது.

உட்காருவதுதான் இந்த நோய்க்குப் பெரிய பகை. அதிலும் தரையில் சம்மணம் போடுவதும், குந்தி உட்காருவதும் இடுப்பை வளைத்து வட்டைப் பின்னுக்குத் தள்ளும். சாப்பாட்டுக்கு மேசை நாற்காலியும், சில வாரங்களுக்கு மேற்கத்திய கழிப்பறையும் பயன்படுத்தினால் எளிதாக இருக்கும். முக்கினால் வலி பாயும் என்பதால் மலச்சிக்கல் வராமல் கீரை, பழம், தண்ணீர் சேர்த்துக்கொள்ள வேண்டும். தும்மல் வருகிறது என்று தெரிந்தால் முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு கையைச் சுவரிலோ தொடையிலோ ஊன்றிக்கொண்டு தும்மலாம். கட்டிலிலிருந்து எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும்.

இடுப்பு பெல்ட்டை வெளியே போகும் நேரத்துக்குச் சில நாள் போடலாம். மாதக்கணக்கில் போட்டால் தசை பலம் இழக்கும். இழுவைச் சிகிச்சையால் பெரிய பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, காலைப் பிடித்துச் சுண்டி இழுப்பது, இடுப்பைத் திருகிச் சொடக்கு எடுப்பது ஆகியவற்றைக் கால் பலக்குறைவோ மரப்போ இருக்கும்போது செய்யவே கூடாது. தொடைப் பின்தசையை இழுத்து நீட்டும் பயிற்சியும் ஆரம்பத்தில் வேண்டாம்; நீள்வது தசை மட்டுமல்ல, வீங்கிய நரம்பும்தான். வலி பாதி குறைந்தபின், பிசியோதெரப்பிஸ்ட் சொல்லித் தரும் வயிறு, முதுகு, இடுப்புத் தசைப் பயிற்சிகளைத் தொடங்கலாம்.

மாத்திரைகளின் எல்லை

ஐபுபுரூஃபன், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகள் அழற்சியைக் கொஞ்சம் தணிக்கும். சயாட்டிகாவில் அவற்றின் பலன் ஓரளவுதான் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். குறைந்த அளவில், குறைந்த நாள், சாப்பிட்டபின் எடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சல் நேரத்திலும் இவை ஆபத்து.

மருந்துக்கடையில் ‘கால் இழுக்குது’ என்றதும் பெயர் சொல்லாமல் நாலைந்து மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுப்பது உண்டு. அதில் ஸ்டீராய்டு இருந்தால் அன்றிரவே சுகமாகத்தான் இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை எகிறிவிடும். தொடர்ந்து சாப்பிட்டால் எலும்பு தேயும், காச நோய் போன்றவை தலைதூக்கும். உறையில் பெயர் இல்லாத மாத்திரையை வாங்க வேண்டாம்.

நரம்பு மாத்திரை என்று பிரெகாபாலின் நிறையப் பேருக்கு எழுதப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், பிரெகாபாலின் சாப்பிட்டவர்களின் கால்வலி, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களின் வலியைவிடக் குறையவில்லை. தலைசுற்றல் மட்டும் கூடியது. லாரி ஓட்டுபவருக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஏற்கெனவே பல வாரமாகச் சாப்பிட்டு வருபவர்கள் சட்டென்று நிறுத்தாமல், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பி12 மாத்திரை, உடலில் பி12 குறைவாக இருந்தால் அந்தக் குறையைச் சரிசெய்யும். வட்டின் அழுத்தத்தை எடுக்காது.

வலி வாரக்கணக்கில் குறையாதவர்களுக்கு, நரம்பு வேரின் பக்கத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சிலருக்குச் சில வாரம் நிம்மதி கிடைக்கும். அந்த இடைவெளியில் உடல் தானாக ஆறிக்கொள்ளும் என்பதுதான் அதன் கணக்கு.

கூச்சமில்லாமல் சொல்ல வேண்டிய அறிகுறிகள்

இப்போது டாக்டர் கேட்ட அந்தக் கேள்விக்கு வருவோம். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே, எல்1, எல்2 எலும்புகளின் அருகில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குழாய்க்குள் நரம்பு வேர்கள் கற்றையாகத் தொங்குகின்றன. சிறுநீர்ப்பை, மலக்குடல், பிறப்புறுப்பு ஆகியவற்றுக்குப் போகும் மெல்லிய வேர்களும் அந்தக் கற்றையில்தான் இருக்கின்றன. வட்டு ஒரு பக்கமாகப் பிதுங்காமல் நடுவில் பெரிதாகப் பிதுங்கினால், கற்றை மொத்தமும் நசுங்கும். இதுதான் காடா ஈக்வினா கோளாறு. அபூர்வமானது, ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியது.

அதன் அடையாளங்கள் இவை. ஆசனவாயைச் சுற்றியும், பிறப்புறுப்பிலும், தொடைகளின் உட்பக்கத்திலும், அதாவது சைக்கிள் சீட்டில் படும் இடம் முழுக்க, உணர்வு மங்குவது அல்லது மரத்துப்போவது. கால் கழுவும்போது கை படுவது தெரியாமல் இருப்பது. சிறுநீர் வர நேரமாவது, முக்க வேண்டியிருப்பது, தாரை மெலிவது, மூத்திரப்பை நிறைந்திருப்பதே தெரியாமல் போவது, பிறகு தானாகச் சொட்டுவது. மலம் அடக்க முடியாமல் போவது. உடலுறவில் உணர்வோ விறைப்போ திடீரென இல்லாமல் போவது. ஒரு காலில் இருந்த வலி இரண்டு காலுக்கும் வருவது.

இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் காலை விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிலருக்கு வலி மாத்திரைகளாலும், வயதானவர்களுக்கு புராஸ்டேட் வீக்கத்தாலும் சிறுநீர் தடைப்படலாம். அதை வீட்டில் இருந்தபடி தீர்மானிக்க முடியாது. எம்.ஆர்.ஐ. எடுக்கவும் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்யவும் வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பாக, அழுத்தத்தை எடுப்பதே நோக்கம். சிறுநீர் முழுதாக நின்றுபோவதற்கு முன் அறுவை நடந்தவர்கள் நன்றாகத் தேறும் வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது அபாயம், கால் பலம் போவது. பாதம் தொங்கி, நடக்கும்போது தரையில் தட்டும். கட்டை விரல் நிலைப்படியில் இடிக்கும். காலிலிருந்து செருப்பு கழன்றுபோவதுகூடத் தெரியாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. வேர் மிகவும் நசுங்கிப் போனால் வலி சட்டென்று குறைந்துவிடலாம். ‘வலி விட்டுவிட்டது’ என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் பாதம் தூக்க வராது. வலி குறைந்து, பலமும் நிலையாக இருந்தால் அல்லது கூடினால்தான் அது குணம். வலி குறைந்து, பலமும் குறைந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாவது, வலிக்குக் காரணம் வட்டே இல்லாமல் இருப்பது. நம் ஊரில் முதுகெலும்புக் காச நோய் இன்னும் இருக்கிறது. மாலைக் காய்ச்சல், எடை குறைவது, பசியின்மை, படுத்தாலும் விடாமல் இரவில் எழுப்பும் முதுகுவலி என்று வாரக்கணக்கில் நீடித்தால் அதை நினைக்க வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்கள், கீழே விழுந்தபின் வலி வந்த முதியவர்கள் ஆகியோருக்கு ஆறு வாரம் பொறுக்கும் விதி பொருந்தாது. அவர்களுக்கு முதலிலேயே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவைப்படும்.

அறுவை சிகிச்சை யாருக்கு?

காடா ஈக்வினாவுக்கும், கூடிக்கொண்டே போகும் பலக்குறைவுக்கும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களுக்கு அது அவரவர் தேர்வு. இதைப் புரிந்துகொள்ள 2007-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வு உதவுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் சயாட்டிகாவில் தவித்த 283 பேரில் ஒரு பகுதியினருக்குச் சீக்கிரமே அறுவை செய்தார்கள். மற்றவர்களை மருந்தும் பயிற்சியுமாகக் காத்திருக்கச் சொன்னார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் சுமார் நான்கு வாரத்தில் தேறினார்கள். காத்திருந்தவர்களுக்குச் சுமார் பன்னிரண்டு வாரம் ஆனது. காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் அந்த ஓராண்டுக்குள் வலி தாங்காமல் அறுவைக்கே வந்தார்கள். ஆனால் ஓராண்டு முடிவில் இரண்டு தரப்பிலும் நூற்றுக்கு 95 பேர் குணமாகியிருந்தார்கள். அறுவை சிகிச்சை வாங்கித் தருவது முக்கியமாக நேரத்தைத்தான். வேலைக்குப் போயே ஆக வேண்டியவருக்கு அந்த நேரம் பெரிது. பொறுக்க முடிந்தவருக்கு அறுவையைத் தவிர்ப்பது பெரிது. அறுவை கால்வலியைத்தான் நன்றாகத் தீர்க்கும். வெறும் இடுப்பு வலிக்கு அது அந்த அளவுக்குப் பலன் தராது.

நம் ஓட்டுநருக்கு வருவோம். பாதத்தைத் தூக்கும் பலம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது, சிறுநீர் சரியாக இருந்தது. அதனால் டாக்டர் மாத்திரையும் நடையும் சொல்லி, ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார். லாரி ஓட்டக் கண்டிப்பாகத் தடை போட்டார். பிரேக்கை மிதிப்பது வலது கால். இரண்டாம் வாரம் பாதத்து வலி கெண்டைக்காலுக்கு ஏறியது. நான்காம் வாரம் தொடையோடு நின்றது. கட்டை விரல் பலம் இடதுக்கு ஈடாகத் திரும்பியது. எட்டாம் வாரம், மணிக்கு ஒரு தடவை இறங்கி நடப்பது என்ற நிபந்தனையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். கட்டை விரல் ஓரத்து மரப்பு மட்டும் பல மாதம் இருந்தது. உணர்வு கடைசியாகத்தான் திரும்பும். சிலருக்குச் சிறு பகுதி திரும்பாமலும் போகும். பலம் திரும்பிவிட்டால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த வலி இருக்கும் நாளெல்லாம் தினமும் காலையில் மூன்று சோதனைகளைச் செய்து ஒரு தாளில் குறித்துவைக்கலாம். சுவரைத் தொட்டபடி குதிகாலில் பத்து அடி, முன்னங்காலில் பத்து அடி நடந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் பார்ப்பது. கழிப்பறையில் கால் கழுவும்போது உணர்வு இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, சிறுநீர் தடையில்லாமல் வந்ததா என்று கவனிப்பது. வலி நேற்றைவிட மேலே ஏறியிருக்கிறதா, கீழே இறங்கியிருக்கிறதா என்று எழுதுவது. டாக்டரிடம் போகும்போது ஸ்கேன் ஃபிலிமோடு அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். முதல் சோதனையில் பலம் குறைந்துவருவது தெரிந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இரண்டாவதில் மாற்றம் தெரிந்தால் நடு இரவானாலும் 108-ஐ அழையுங்கள்.